ஆறு பத்துக்கு வந்த போன்

அன்புள்ள மலர்,

நேற்றே எழுதியிருக்க வேண்டும். வீட்டில் மாலை போட்டிருப்பதால் விளக்கு வைத்து, பூஜை முடித்து, ஆட்கள் கிளம்புவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. இரண்டு வரியில் முடிக்கவும் மனம் வரவில்லை.

நேற்று காலை ஆறு பத்துக்கு உன் போன் வந்தது. அம்மா இருந்தவரை ஒவ்வொரு வருடமும் அதே நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். "இப்பதான் பொறந்தே" என்பாள். அதை உன்னிடம் எப்போது சொன்னேன் என்றுகூட எனக்கு நினைவில்லை, கல்லூரி விடுதியிலாக இருக்கும். அம்மா தவறிய வருடம், பிறந்த நாளன்று விடியும்போதே விழித்துக்கொண்டு போனைப் பார்க்காமல் திரும்பிப் படுத்திருந்தேன். சரியாக ஆறு பத்துக்கு மணி அடித்தது. நீ அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்பிட்டியா, குளிச்சியா" என்றுதான் கேட்டாய். அன்றிலிருந்து இது ஐந்தாவது வருடம். ஒரு நாள்கூட ஆறு பதினொன்று ஆனதில்லை.

கார்த்திகை உனக்கு எப்படிப்பட்ட மாதம் என்று எனக்குத் தெரியும். காப்பிப் பழம் பறிக்கும் நேரம். இருட்டில் எழுந்து, ஆள் கணக்கு, எடைக் கணக்கு, சாயங்காலம் கூலி என்று நீ உட்காரவே நேரம் இருக்காது. அதற்கு நடுவில் முட்டை போடாத கேக் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறாய். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்ற வருடம், குப்பனூர் வழியாகச் சுற்றி நீயே வந்து நின்றாய். முடியெல்லாம் நனைந்திருந்தது, கேக் நனையவில்லை. அரை மணி நேரம்தான் இருந்தாய். அந்த அரை மணி நேரத்தை நான் பல நாள் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆடி மாதம், வகுப்பில் நின்று நின்று பாதம் வலிக்கிறது, ராத்திரி தரை சில்லிடுகிறது என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். நாலு மாதம் அதை மனதில் வைத்திருந்தாயா? நன்றி மலர். ரொம்ப ரொம்ப நன்றி.

உன் பிறந்த நாளுக்கு நான் செய்தது என்ன என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற ஜூன் 1-க்கு வருடா வருடம் வாழ்த்து அனுப்புவேன். "அது வாத்தியார் போட்ட தேதி" என்று சொல்லி விட்டுவிடுவாய். சரியான நாளை நான் தேடியதே இல்லை.

இந்த ஆயுத பூஜைக்கு ஏற்காடு வந்தபோது, நீ ஆபீசுக்குப் போன நேரத்தில் உன் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவுக்குத் தேதி தெரியவில்லை, நாள் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோடை மழை விழுந்து எட்டு, ஒன்பது நாள் கழித்துத் தோட்டம் முழுக்கக் காப்பி பூத்து வெள்ளையாகக் கிடந்ததாம். வலி எடுத்தபோது ஜன்னல் வழியாக அந்த வாசனைதான் வந்ததாம். அதனால்தான் உனக்கு இந்தப் பெயர். மறுநாள் பங்குனி உத்திரம், பக்கத்து வீட்டார் எல்லோரும் காவடி பார்க்கப் போய்விட்டார்கள் என்றார். அப்படியானால் நீ பங்குனிப் பூரம். புதுக் காலண்டர் வந்ததும் அந்த நாளைத்தான் முதலில் வட்டம் போடுவேன். தேர்வு நேரம்தான், இருந்தாலும் விடுப்புக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

காலை முதல் பஸ்ஸில் வருவேன். தட்டுவடை செட் வாங்கி வருவேன். நீ எப்போது கட்டிக்கொண்டு போனாலும் இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் ஊறி நமுத்துப்போகிறது என்பாயே, அதனால் தட்டுவடை தனியாக, சட்னி இரண்டும் தனியாக, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் தனியாக எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து அடுக்கித் தருகிறேன். உனக்குப் பூண்டுச் சட்னி கூடுதலாக.

அப்புறம், ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பாய். அறுந்துபோன உன் கொலுசை அம்மாவிடம் கேட்டு அன்றே வாங்கி வந்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் பற்றவைத்து, திருகும் புதிதாகப் போட்டாகிவிட்டது. என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பறிப்பு முடியும்வரை நீ பதில் எழுத வேண்டாம். மழை நாளில் தோட்டத்துக்குள் போகும்போது செருப்பை மாற்றிக்கொள், போன வருடம் வழுக்கிய அந்த ஓடைப் பக்கம் தனியாகப் போகாதே. அம்மாவிடம் சொல், பங்குனியில் எனக்குச் சமையல் எதுவும் வேண்டாம், காப்பி மட்டும் போதும்.

உன்
சுமதி