இளநிலை தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
ம. அபிநயா,
மன்னார்குடி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மனிதவள மேலாளர்,
விதை, இடுபொருள் விநியோகப் பிரிவு,
தஞ்சாவூர்.

நாள்: 16.06.2025

பொருள்: இளநிலை தரவுப் பகுப்பாய்வாளர் பணிக்கு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். டெல்டா மாவட்டக் கடைகளின் விதை, உர விற்பனைக் கணக்கைப் பகுப்பாய்வு செய்ய ஆள் தேவை என்ற தங்கள் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன். பி.எஸ்சி. புள்ளியியல் இந்த ஏப்ரலில் முடித்தேன். இறுதிப் பருவத்தில் நான்கு பேர் சேர்ந்து செய்த திட்டப்பணி தங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். அதில் தரவைத் திரட்டிச் சுத்தம் செய்ததும், மாதிரியைச் சோதித்ததும் என் பொறுப்பு.

மேட்டூர் அணை திறக்கும் நாளுக்கும் குறுவைப் பரப்புக்கும் உள்ள தொடர்பை 2012-13 முதல் 2023-24 வரை 12 ஆண்டுகளுக்குப் பார்த்தோம். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24, 2017-ல் அக்டோபர் 2 என்று அது வெகுவாக நகர்ந்திருக்கிறது. தண்ணீர் தாமதமானால் பம்புசெட் உள்ளவர்கள்தான் ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகம் விதைப்பார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் குறுவையை விட்டு, சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகத்தோடு ஒருபோக சம்பாவுக்குப் போவார்கள். எந்த விதை எந்தக் கடையில் எப்போது இருக்க வேண்டும் என்பது இதில்தான் அடங்கியிருக்கிறது.

கணக்கைத் தொடங்கும் முன் தரவிலேயே மூன்று கோளாறுகளைக் கண்டோம். முதலாவது, மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமானதால் அதன்பின் நாகப்பட்டினத்தின் பரப்பு திடீரென்று சரிந்தது போலத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே அலகாக வைத்த பிறகே வரைபடம் நேரானது. இரண்டாவது, அரசு அறிக்கையில் ஹெக்டேர், செய்தியிலிருந்து எடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏக்கர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்பதால் அந்த இரண்டு ஆண்டுகள் மட்டும் இரண்டரை மடங்காக எகிறி நின்றன. மூன்றாவது, மழை அளவு காலை 8.30 மணிக்குப் பதிவாகிறது. 15-ஆம் தேதிக்கு எதிரே இருக்கும் மழையில் பெரும்பகுதி 14-ஆம் தேதி பெய்ததாக இருக்கும். இதைக் கவனிக்காமல் வேறு தினசரிக் கணக்கோடு இணைத்தால் ஒரு நாள் தள்ளிப்போகும். வெற்றுக் கட்டங்களை 0 என்று நிரப்பவில்லை. சாகுபடி நடக்காததும் கணக்கு வராததும் ஒன்றல்ல.

இந்தத் திட்டப்பணியில் நான் முக்கியமாகக் கருதுவது சோதனை முறையைத்தான். நாகை, மயிலாடுதுறை ஒரே அலகு. தஞ்சாவூர், திருவாரூரோடு மூன்று அலகு, 12 ஆண்டு, மொத்தம் 36 வரிசைதான். முதலில் வரிசைகளைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தோம்; முடிவு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. காரணம், ஓர் ஆண்டில் மூன்று அலகுக்கும் அணை திறந்த தேதி ஒன்றே. 2018 தஞ்சாவூர் பயிற்சியில் இருந்தால் 2018 திருவாரூருக்கான விடையைப் பக்கத்து வரிசையே சொல்லிக்கொடுத்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்டை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதித்தேன். பிழை கூடியது, ஆனால் அதுதான் உண்மையான பிழை. சிக்கலான மாதிரிகள் அதில் தேறாததால் கைவிட்டு, எளிய நேர்கோட்டு மாதிரியை வைத்துக்கொண்டோம்.

தேதி ஒன்றை மட்டும் நம்ப முடியாது என்பதை 2023 காட்டியது. ஜூன் 12-லேயே அணையைத் திறந்தார்கள். குறுவைப் பரப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் வரத்து குறைந்து அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. குறுவையை வைத்துச் சம்பாவை ஊகித்திருந்தால் தவறியிருக்கும். அதனால் திறந்த நாளோடு அணையின் வாராந்திர இருப்பையும் சேர்த்தேன். தண்ணீர் மேட்டூரிலிருந்து கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாளாகிறது, கடைமடைக்கு இன்னும் கூடுதல். வேதாரண்யம் பக்கத்துக் கடைக்கும் திருவையாறு கடைக்கும் ஒரே நாளில் சரக்கு அனுப்புவது சரியா என்பதைத் தங்கள் விற்பனைக் கணக்கை வைத்துச் சரிபார்க்கலாம்.

சுத்தம் செய்தல், இணைத்தல், சோதனை மூன்றையும் பைத்தானில் பாண்டாஸ் கொண்டு செய்தேன். எஸ்கியூஎல்-லில் அட்டவணைகளை இணைத்தல், தொகுத்தல் தெரியும். எக்செல்லில் பிவட் டேபிள் நன்கு பழக்கம். பவர் பிஐ-யில் வகுப்புப் பயிற்சி மட்டுமே உண்டு. தமிழில் கடைக்காரர்களிடம் பேசி, ஒரு ரகத்துக்கு அவர்கள் எழுதும் பல பெயர்களை ஒன்றாக்கும் வேலையையும் விரும்பிச் செய்வேன். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

தற்குறிப்பு, மதிப்பெண் பட்டியல், திட்டப்பணியின் நிரல், சுத்தம் செய்த தரவு, எந்த எண்ணை ஏன் மாற்றினோம் என்ற பதிவேடு ஆகியவற்றை இணைத்துள்ளேன். தங்கள் பழைய பருவ விற்பனைத் தாள் ஒன்றைத் தேர்வாகக் கொடுத்தால் செய்து காட்டுகிறேன். ஜூலை 1 முதல் தஞ்சாவூரில் பணியில் சேர முடியும்.

நன்றி.

இப்படிக்கு,
ம. அபிநயா