இளநிலைக் கணக்காளர் பணிக்கான விண்ணப்பம்

திருப்பூர்,
9-6-2025.

அனுப்புநர்:
ச. கவிதா, பி.காம்.,
பெருமாநல்லூர் சாலை,
திருப்பூர்.

பெறுநர்:
கணக்குப் பிரிவு மேலாளர் அவர்கள்,
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்,
அவிநாசி சாலை,
திருப்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: இளநிலைக் கணக்காளர் பணி – விண்ணப்பித்தல் தொடர்பாக.

மாதந்தோறும் 14-ஆம் தேதி GSTR-2B வெளியானதும், 20-ஆம் தேதி GSTR-3B தாக்கல் செய்வதற்குள் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையை, திருப்பூரில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கடந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செய்துவந்தேன். தங்கள் விளம்பரத்தில் முதல் பொறுப்பாகக் குறிப்பிடப்பட்டிருப்பதும் அதே வேலைதான் என்பதால் இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்கில் மாதத்துக்கு ஏறக்குறைய 340 பில்கள் வரும். ஜனவரி மாதச் சரிபார்ப்பில், ஒரு சாயப்பட்டறையின் ஏழு பில்கள் டேலியில் பதிவாகியிருந்தும் GSTR-2B-இல் இல்லாததைக் கண்டேன். பட்டறையில் பேசியபோது, எங்கள் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிடாமல், பதிவு பெறாதவருக்கு விற்றதைப் போல அவற்றை அவர்கள் காட்டியிருந்தது தெரியவந்தது. அவர்கள் அடுத்த GSTR-1-இல் திருத்தம் செய்யும்வரை, அந்த ஏழு பில்களுக்குரிய 41,300 ரூபாய் உள்ளீட்டு வரியை எடுக்காமல் தனியே குறித்து வைத்தேன். திருத்தம் வந்த மாதத்தில் அந்தத் தொகை முழுவதும் வரவானது. வரித்தொகையை மட்டும் கூட்டிப் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல் பில் எண் வாரியாகப் பார்க்க வேண்டும் என்று என் மேலாளர் வற்புறுத்தியதன் பயனை அன்று நேரில் உணர்ந்தேன்.

பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற அரசு கலைக் கல்லூரியில் 2025-இல் 78 விழுக்காட்டு மதிப்பெண்களுடன் இளநிலை வணிகவியல் பட்டம் முடித்தேன். டேலியில் பதிவு செய்தல், இ-வே பில் எடுத்தல், எக்செல்லில் பட்டியல்களை ஒப்பிடுதல் ஆகியவற்றைத் துணையின்றிச் செய்வேன். ஷிப்பிங் பில், ஏற்றுமதிக்கான வரியைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றைப் பாடமாகப் படித்திருக்கிறேனே தவிர, இன்னும் கையாண்டதில்லை. தங்கள் நிறுவனத்தில் நான் முதலில் கற்க விரும்புவது அவற்றையே.

என் தாயார் பதினாறு ஆண்டுகளாக ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் பணிபுரிகிறார். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், தையல் என்று துணி எத்தனை ஜாப் ஒர்க் கைகளுக்கு மாறுகிறது என்பதை வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்ததால், அந்தக் கைமாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சலானும் ஒரு பில்லும் இருக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி அன்று.

வேலை நாள்களில் எந்த நேரத்திலும் நேர்காணலுக்கு வர இயலும். ஜூலை 1 முதல் பணியில் சேர ஆயத்தமாக இருக்கிறேன். நான் தயாரித்த ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றை, வாடிக்கையாளரின் பெயரை நீக்கி, இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ச. கவிதா

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் சான்றிதழ் நகல், பயிற்சிச் சான்றிதழ், மாதிரி ஒப்பீட்டுப் பட்டியல்.