மாதம் பத்து சதவீதம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகன் கதிருக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அலுவலக நண்பர் பணம் போட்டிருக்கும் திட்டத்தில் நீயும் கடன் வாங்கிப் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பிடிகொடுக்காமல் பேசியதில் உனக்கு வருத்தம் இருந்திருக்கும். இந்த விஷயத்தைப் பேச்சில் முடிக்க முடியாது, மாப்பிள்ளை. பேச்சில் உன் அலுவலக நண்பர்தான் ஜெயிப்பார். தாளில் எழுதினால் எண்கள் அசையாமல் நிற்கும், நீயும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதனால்தான் கடிதம்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். நீ கொட்டாவி விட்டு மடித்து வைத்திருப்பாய். வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தவன் நான். பழமொழியை விடக் கூட்டல் பெருக்கலில்தான் எனக்கு நம்பிக்கை.

முதலில் உன் நண்பர் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் பத்து சதவீதம், தவறாமல். வரும் லாபத்தை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தால் 1 லட்சம் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3.14 லட்சம் ஆகும். ஐந்து ஆண்டில் 3 கோடியைத் தாண்டும். பத்து ஆண்டில் எவ்வளவு தெரியுமா? 927 கோடி. தட்டச்சுப் பிழை இல்லை, நீயே பெருக்கிப் பார். இப்படி ஒரு வித்தை கைவசம் உள்ளவர் தன்னிடமுள்ள ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பத்து ஆண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உன்னுடைய இரண்டு லட்சம் அவருக்கு எதற்கு? அதுவும் நீ தனிநபர் கடன் வாங்கித் தரும் இரண்டு லட்சம் எதற்கு? இந்த ஒரு கேள்விக்கு அவர்களிடமிருந்து நேரான பதில் வந்தால் எனக்கும் எழுது.

"நண்பருக்கு நாலு மாதமாகப் பணம் வருகிறது, வங்கிக் கணக்கில் நானே பார்த்தேன்" என்றாய். வந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் உன்னை ஏமாற்றுகிறார் என்றும் நான் சொல்லவில்லை. அவர் உளமார நம்புகிறார், அதுதான் ஆபத்து. 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் லாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை மலிவாக வாங்கி விலை வித்தியாசத்தில் சம்பாதிப்பதாகக் கதை. சொன்ன தேதியில் பணமும் கொடுத்தார். பின்னால் வந்தவர்களின் முதலை எடுத்து முன்னால் வந்தவர்களுக்கு லாபம் என்று கொடுத்தார், அவ்வளவுதான். சில மாதங்களில் ஊரே வரிசையில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. முதலில் பணம் பெற்றவர்கள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனி. அவர்கள் உண்மை பேசியதால்தான் மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

இந்தக் காலத்தில் அப்படி யார் ஏமாறுவார்கள் என்று கேட்பாய். அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் என்ற முதலீட்டு மேலாளரும் இதே வித்தையைத்தான் செய்தார். 2008 டிசம்பரில் அவர் கைதாகும் வரை அவரிடம் பணம் போட்டிருந்தவர்களில் வங்கிகள் உண்டு, அறக்கட்டளைகள் உண்டு, நிதி விஷயத்தில் ஊறியவர்கள் உண்டு. அவர் காட்டிய லாபம் மாதம் பத்து சதவீதம்கூட இல்லை; ஆண்டுக்கே பத்தை ஒட்டித்தான். ஆனால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது ஆடாமல் அசையாமல் வந்துகொண்டே இருந்தது. உண்மையான முதலீட்டில் அப்படி வராது. சில ஆண்டு கூடும், சில ஆண்டு முதலே குறையும். தவறாமல் வரும் உயர்ந்த லாபம் என்பதுதான் எனக்கு முதல் சந்தேகம். கணக்குப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால், ஒரே உட்காரலில் எழுதியது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதே மாதிரிதான் இதுவும்.

ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்றும் ஏதோ சொன்னாய். ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36, அவர்கள் சேர்த்தால் 216. பதின்மூன்றாவது படியில் மட்டும் 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. நீ எத்தனையாவது படியில் நிற்கிறாய் என்பது உனக்குத் தெரியாது, உன் நண்பருக்கும் தெரியாது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இப்போது நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இந்தப் பேச்சு ஏன் இனிக்கிறது? நீ பேராசைக்காரன் இல்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும். மாதம் 10,000 எடுத்து வைக்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது, ஒன்றும் நடக்கவில்லையே என்ற சலிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். உன் சலிப்பு நியாயமானது. கணக்கைப் பார்.

ஆண்டுக்கு சராசரியாக 8 சதவீதம், மாதாமாதம் கூட்டு வட்டியாக வளர்கிறது என்று வைத்துக்கொள். யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மாதம் 10,000 போட்டால் பத்து ஆண்டு முடிவில் நீ கட்டியது 12 லட்சம், கையில் இருப்பது 18.3 லட்சம். பத்து ஆண்டு பல்லைக் கடித்ததற்கு ஆறு லட்சம்தானா என்று தோன்றும். இருபது ஆண்டில் கட்டியது 24 லட்சம், இருப்பது 58.9 லட்சம். முப்பது ஆண்டில் கட்டியது 36 லட்சம், இருப்பது 1.49 கோடி. கடைசிப் பத்து ஆண்டில் மட்டும் 90 லட்சம் கூடுகிறது. அதில் நீ போட்டது 12 லட்சம்தான். முதல் பத்து ஆண்டிலும் கடைசிப் பத்து ஆண்டிலும் நீ செய்த வேலை ஒன்றே. பலன் மட்டும் பின்னால் குவிந்திருக்கிறது.

ஆக, முன்பாதி முழுக்கக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வெறுமையான ஆண்டுகளில்தான் யாராவது வந்து உன் தோளில் கை போடுவார்கள். ஐம்பது வயதில் வரமாட்டார்கள். அப்போது உன்னிடம் காட்ட உன் கணக்கே இருக்கும். இருபத்தாறு வயதில், எட்டு மாதம் கழித்தும் பன்னிரண்டு மாதம் கழித்தும் ஒரே மாதிரி தெரியும் பாஸ்புக்கை நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வருவார்கள்.

விலைவாசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதை மறைத்தால் நானும் ஆசை காட்டியவன் ஆவேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் சுமார் பன்னிரண்டு ஆண்டில் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். அன்றைய 1.49 கோடி இன்றைய 1.49 கோடி ஆகாது. அதனால் சம்பளம் கூடும்போது போடும் தொகையையும் கூட்டு. அதற்காக இரட்டிப்பு வேகத்தில் ஓடும் எதையாவது பிடித்துத் தொங்கு என்று அர்த்தம் இல்லை. ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்: பாதிப் பணம் போனால், போன இடத்துக்குத் திரும்பி வரவே நூறு சதவீதம் லாபம் வேண்டும்.

என் பழக்கங்களைப் பற்றி உன் அத்தை கேலி செய்வதை நீ கேட்டிருப்பாய். மேஜை இழுப்பறையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. இரவு சாப்பிட்டதும் அன்றைய செலவைப் பென்சிலால் எழுதுவேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போடுவேன். அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் பிரமித்ததில்லை. ஆனால் எந்த மாதத்திலும் பணம் எங்கே போனது என்று வீட்டில் சண்டை வந்ததில்லை. பணத்தை விட அது பெரிய வரவு என்பேன். நீ செயலியில் எழுதினாலும் சரி, தாளில் எழுதினாலும் சரி, எழுது.

சம்பளம் வந்த மறுநாளே சேமிப்புத் தொகை தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடு. மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடுகிறேன் என்பவர்களுக்கு மிஞ்சுவதே இல்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம், நினைத்தவுடன் எடுக்கும்படி தனியாக இருக்கட்டும். அதற்கு வட்டி குறைவு என்று புலம்பாதே, அது வட்டிக்காக இருக்கும் பணம் இல்லை. கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டு. மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்கச் சிறிதாக இருக்கும், ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகும். கூட்டு வட்டி உனக்காக உழைப்பதைப் போலவே உனக்கு எதிராகவும் உழைக்கும், அதற்கு ஆள் பார்க்கத் தெரியாது.

பரஸ்பர நிதியில் போட்டதை வாரத்துக்கு நாலு முறை திறந்து பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஆண்டுக்கு இரண்டு முறை பார். இறங்கிய நாளில் பார்த்தால் விற்கத் தோன்றும், ஏறிய நாளில் பார்த்தால் கடன் வாங்கிப் போடத் தோன்றும். இரண்டுமே கெடுதல். பார்க்கிற நேரத்தில் உன் தொழிலில் எதையாவது கற்றுக்கொண்டு சம்பளத்தைக் கூட்டினால் அந்த லாபம் எந்தத் திட்டத்திலும் வராது.

அப்புறம், எந்த முதலீட்டுக்கும் அன்றே சரி சொல்லாதே. "இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள்" என்று யார் அவசரப்படுத்தினாலும் அவசரம் அவருக்குத்தான். எழுத்தில் கொடுங்கள், அரசு ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு எண் என்ன, பணம் எதில் போடப்படுகிறது, நான் நினைத்த நாளில் முழுதாக எடுக்க முடியுமா என்று நாலு கேள்வி கேள். பதிவு எண் கொடுத்தால் அந்த அமைப்பின் இணையதளத்தில் நீயே தேடிப் பார். அவர்கள் அனுப்பும் படத்தை நம்பாதே.

நண்பரை முறைத்துக்கொள்ள வேண்டாம். "மாமா ஒப்புக்கொள்ளவில்லை" என்று பழியை என் மேல் போடு. எனக்கு இந்த வயதில் கெட்ட பெயர் ஒன்றும் செய்யாது. முடிந்தால் அவர் போட்ட முதலை இப்போதே திரும்பக் கேட்டுப் பார்க்கச் சொல். லாபத்தை இல்லை, முதலை. என்ன காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறார்கள் என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்பதை மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தெரிவி. போட்டிருந்தாலும் பணம் கணக்கில் வரும் முன் ரத்து செய்யலாம். வங்கிக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் வரைந்து தருகிறேன். அவர்கள் கொடுத்த தாள்களையும் படம் எடுத்து அனுப்பு, பொடி எழுத்தில் இருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் மாமா