மாதிரி விடை: E2 நீக்க வினையும் சைக்ளோஹெக்சேன் நாற்காலியும்

பினாங்கு, இரண்டாம் ஆண்டு கரிம வேதியியல் மீள்பார்வை வகுப்பு. வினா 3, 20 புள்ளிகள், நேரம் 35 நிமிடம்.

தேர்வில் இதை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் எழுதப்போகிறீர்கள். காரணம் தமிழில் பிடிபட்டுவிட்டால் எந்த மொழியிலும் எழுதிவிடலாம். மனப்பாடம் செய்த வாக்கியம் பாதியில் கைவிட்டுவிடும்.

வினா: வலுவான காரத்துடன் நிகழும் நீக்க வினைக்கு ஆன்டி-பெரிபிளானர் அமைப்பு ஏன் தேவை? பதிலீடு பெற்ற சைக்ளோஹெக்சேன்களைக் கொண்டு விளக்குக.

விடை

E2 ஒரே படியில் முடியும் வினை. அதன் வேகம் = k[RX][காரம்]. காரம் β-கார்பனிலிருந்து புரோட்டானைப் பிடுங்குவதும், C=C உருவாவதும், வெளியேறும் தொகுதி X பிரிவதும் ஒரே மாறுநிலையில் நடக்கின்றன. ஆகவே அந்த நொடியில் பிணைப்புகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பது வினையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

C–H பிணைப்பின் σ எலக்ட்ரான் இணை, C–X பிணைப்பின் காலியான σ* ஆர்பிட்டாலுக்குள் பாய வேண்டும். அந்த σ*-இன் பெரிய மடல் கார்பனின் பின்புறம், X-க்கு நேர் எதிர்த் திசையில் நீண்டிருக்கிறது. H–C–C–X ஆகிய நான்கும் ஒரே தளத்தில் இருந்து, H-உம் X-உம் எதிரெதிராக 180° டைஹெட்ரல் கோணத்தில் நின்றால் C–H σ அந்த மடலோடு நன்றாக மேற்பொருந்தும். இரண்டு கார்பன்களிலும் உருவாகிவரும் p ஆர்பிட்டால்கள் அப்போது ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் π பிணைப்பு தொடக்கத்திலிருந்தே வளர முடிகிறது. கோணம் 60° என்றால் மேற்பொருத்தம் மிகக் குறைவு. π பிணைப்பின் ஆதாயம் மாறுநிலைக்குக் கிடைக்காது.

0° கோணத்திலும் நான்கு அணுக்கள் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த சின்-பெரிபிளானர் நிலையில் பிணைப்புகள் ஒன்றையொன்று மறைத்து நிற்பதால் ஆற்றல் கூடும். எதிர்மின்சுமை கொண்ட காரமும் வெளியேறும் X⁻-உம் ஒரே பக்கத்தில் நெருங்கும். நார்போர்னைல் போன்ற இறுகிய வளையங்களில், 180° எட்டவே முடியாதபோது, சின் நீக்கம் நடப்பதுண்டு. நாற்காலி வடிவச் சைக்ளோஹெக்சேனில் 0° கிடையாது.

> திருத்துநர் குறிப்பு: "ஆன்டி நிலையே நிலையானது" என்று மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிதான். σ → σ* என்ற சொல்லும், அம்புக்குறியோடு ஒரு நியூமன் படமும் வேண்டும்.

நாற்காலியில் அடுத்தடுத்த கார்பன்களில் உள்ள தொகுதிகளுக்கிடையே கோணம் இரண்டே வகை: இரண்டும் ஆக்சியல் என்றால் 180°, மற்ற எல்லாச் சேர்க்கையும் ஏறத்தாழ 60°. X ஈக்வடோரியலாக இருக்கும்போது அதற்கு ஆன்டியாக நிற்பவை வளையத்தின் C–C பிணைப்புகள். எந்த H-உம் இல்லை. ஆகவே சைக்ளோஹெக்சேனில் E2 நடக்க H, X இரண்டும் ஆக்சியலாக, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, இருந்தாக வேண்டும்.

*வேகத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு.* 4-டெர்ஷியரி-பியூட்டைல்சைக்ளோஹெக்சைல் புரோமைடு. t-Bu ஆக்சியல் நிலைக்குப் போக ஏறத்தாழ 20 kJ mol⁻¹ செலவாகும்; எனவே அது ஈக்வடோரியலிலேயே நிற்கும். சிஸ் மாற்றியத்தில் Br ஆக்சியல். இருபுறமும் ஆக்சியல் H தயாராக உள்ளது. E2 விரைவாக நடக்கும். டிரான்ஸ் மாற்றியத்தில் Br ஈக்வடோரியல். நாற்காலி புரண்டால்தான் Br ஆக்சியலாகும். 25 °C-இல் அந்த வடிவத்தில் இருப்பவை பத்தாயிரத்தில் ஓரிரு மூலக்கூறுகளே. E2 மிக மெதுவாகிவிடும். இரண்டு மாற்றியங்களும் தருவது ஒரே 4-டெர்ஷியரி-பியூட்டைல்சைக்ளோஹெக்சீன் என்பதால், இந்த இணை வேகத்தை மட்டுமே நிரூபிக்கும். இரட்டைப் பிணைப்பின் இடத்தைப் பற்றி இதை வைத்து வாதிடக் கூடாது.

*திசையைக் காட்டும் எடுத்துக்காட்டு.* 1-புரோமோ-2-மெதில்சைக்ளோஹெக்சேன், NaOEt/EtOH, வெப்பம். சிஸ் மாற்றியத்தில் Br ஆக்சியலாக மேலே நின்றால் CH₃ ஈக்வடோரியல். C2-இன் H ஆக்சியலாகக் கீழே. C6-இலும் அப்படியொரு H உண்டு. இரண்டில் எதையும் எடுக்கலாம் என்பதால் சாய்ட்செவ் விதிப்படி 1-மெதில்சைக்ளோஹெக்சீன் முதன்மை விளைபொருள். டிரான்ஸ் மாற்றியத்தில் Br ஆக்சியலானால் CH₃-உம் ஆக்சியல்; C2-இன் H ஈக்வடோரியலாகி 60°-இல் மாட்டிக்கொள்ளும். C6-இன் H மட்டுமே மிச்சம். ஆகவே, பதிலீடு குறைந்த 3-மெதில்சைக்ளோஹெக்சீன் கிடைக்கிறது.

> திருத்துநர் குறிப்பு: இங்கே காரமாக KOtBu எழுதிவிடாதீர்கள். பருமனான காரம் தானாகவே பதிலீடு குறைந்த ஆல்கீனை நோக்கி இழுக்கும். வடிவியலால் வந்த விளைவு எது, பருமனால் வந்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

*இரண்டையும் ஒருசேரக் காட்டுவது.* மெந்தைல் குளோரைடும் நியோமெந்தைல் குளோரைடும். வீட்டுத் தைலப் பாட்டிலில் மணக்கும் மெந்தாலின் அதே வளையம்தான்: C1-இல் மெதில், C3-இல் Cl, C4-இல் ஐசோபுரோப்பைல். Cl-இன் அமைவு மட்டுமே இரண்டுக்கும் வேறு.

நியோமெந்தைலின் நிலையான நாற்காலியில் இரு ஆல்கைல் தொகுதிகளும் ஈக்வடோரியல், Cl ஆக்சியல். C2, C4 இரண்டிலும் ஆன்டி H இருக்கிறது. NaOEt/EtOH-இல் 3-மெந்தீன் ஏறத்தாழ 78%, 2-மெந்தீன் 22% கிடைக்கின்றன.

மெந்தைலின் நிலையான நாற்காலியில் மூன்று தொகுதிகளும் ஈக்வடோரியல். அதிலிருந்து E2 நடக்காது. வளையம் புரண்டு மூன்றும் ஆக்சியலாக வேண்டும். அந்த வடிவத்தில் C1-இன் மெதிலும் C3-இன் Cl-உம் ஒரே முகத்தில் முட்டிக்கொள்கின்றன. இந்தச் செலவு தடையாற்றலோடு சேர்வதால், மெந்தைல் நியோமெந்தைலைவிட ஏறத்தாழ 200 மடங்கு மெதுவாக வினைபுரிகிறது. புரண்ட பிறகும் C4-இல் ஆக்சியலாக நிற்பது ஐசோபுரோப்பைல். அங்கே H ஈக்வடோரியல். C2-இன் H மட்டுமே ஆன்டி. விளைபொருள் 2-மெந்தீன் மட்டும், சாய்ட்செவ் விதிக்கு நேர் எதிராக.

படம் வரையும்போது நிலையான நாற்காலியை முதலில் போட்டு, பிறகு புரண்டதைப் பக்கத்தில் போடுங்கள். புரளும்போது மேல் மேலாகவே இருக்கும், கீழ் கீழாகவே இருக்கும். ஆக்சியல் ஈக்வடோரியல் மட்டும் மாறும். இதில்தான் பலர் சிஸ்ஸை டிரான்ஸாக்கிப் புள்ளியை இழக்கிறார்கள்.

வலுவான காரம் இல்லையென்றால் கதை வேறு. நீர் கலந்த எத்தனாலில், காரம் மிகக் குறைவாக இருக்கும்போது, மெந்தைல் குளோரைடு E1 வழியில் போகிறது: Cl⁻ முதலில் பிரிந்து கார்போகேட்டயான் உருவாகும், H அதன் பிறகே போகும். பிரியும்போது H ஆன்டியாக நிற்கவேண்டிய கட்டாயம் இல்லாததால் 3-மெந்தீனும் வருகிறது, அதுவே அதிகமாகவும். வினாவில் "வலுவான காரம்" என்று குறிப்பிட்டிருப்பது இதனால்தான்.

நேரம் மிஞ்சினால் C₆H₆Cl₆-இன் β மாற்றியத்தைச் சேர்க்கலாம். அதில் ஆறு Cl-உம் ஈக்வடோரியல். புரட்டினால் ஆறும் ஆக்சியலாகும், H ஆறும் ஈக்வடோரியலாகும். எந்த நாற்காலியிலும் H-உம் Cl-உம் ஆன்டியாக வராது. காரத்துடன் HCl-ஐ இழப்பதில் மற்ற மாற்றியங்களைவிட இது ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது.