அம்மாவுக்கு, எழுபதாவது பிறந்தநாளுக்கு முன்

லீட்ஸ், இங்கிலாந்து,
18 ஜனவரி 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

சரவணன் எழுதுவது. இங்கே நான், கவிதா, பாப்பா மூவரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுதுவிடுவாய், எனக்கும் பேச்சு வராது. அதனால்தான் கடிதம். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. புரியாத இடத்தில் மஞ்சுளா அக்காவைப் படித்துச் சொல்லச் சொல்.

பிப்ரவரி 22ஆம் தேதி உன் பிறந்தநாளுக்கு என்னால் வர முடியாது அம்மா. லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டுக்குப் பணமும் இருக்கிறது. தடை விசாதான்.

என் விசா பிப்ரவரி 6ஆம் தேதியோடு முடிகிறது. அன்றோடு இங்கே வந்து ஐந்து வருடம் நிறைகிறது, அதனால் நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்கலாம். ஐந்து வருடம் நிறைய 28 நாள் இருக்கும்போதிலிருந்துதான் விண்ணப்பம் போட முடியும், அதற்கு முன்னால் போட்டால் தள்ளிவிடுவார்கள். விசா முடியும் நாளைத் தாண்டியும் போடக் கூடாது. அதனால் முதல் நாளான ஜனவரி 9ஆம் தேதியே மூவருக்கும் போட்டுவிட்டேன், 14ஆம் தேதி கைரேகையும் கொடுத்தாயிற்று. முடிவு வர ஆறு மாதம் வரை ஆகலாம்.

"நாலு நாள் வந்துட்டுப் போயிடேன்" என்று நீ கேட்பாய். நாலு நாள் இல்லை அம்மா, ஒரு நாள்கூட முடியாது. முடிவு வருவதற்கு முன் இந்த நாட்டை விட்டு வெளியே போனால், விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கணக்கு வைப்பார்கள். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, அதிகாரி மனது வைத்தாலும் மாற்ற முடியாது. பழைய விசா முடிந்த பிறகும் நான் இங்கே இருந்து வேலை பார்க்கப்போவது அந்த விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால்தான். அது போனால் திரும்பி வர என் கையில் விசாவே இருக்காது. கட்டிய பணமும் வராது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மறுபடி ஸ்பான்சர் சான்றிதழ் கொடுத்து, ஊரிலிருந்தே எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். கவிதாவையும் பாப்பாவையுமாவது அனுப்பலாம் என்று பார்த்தேன், அவர்கள் விண்ணப்பத்துக்கும் இதே விதிதான்.

கூடுதல் பணம் கட்டி ஒரே நாளில் முடிவு வாங்கும் வழி ஒன்று உண்டு. நான் போட்ட அன்று அந்த இடங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. விண்ணப்பம் போன பிறகு அதைச் சேர்க்க முடியாது. சில நாள் காத்திருந்து பார்த்திருக்கலாமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

சொந்தக்காரர்கள் கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே. "பேப்பர் ஆபீசில் இருக்கு, முடிவு வராம நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது" என்று சொல். அதுதான் உண்மை. ராணிப்பேட்டை மாமாவிடம் நானே பேசிவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். "நீ வந்தப்புறம் வெச்சிக்கலாம்" என்று அக்காவிடம் சொன்னாயாம். வேண்டாம் அம்மா. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் செய்து பார்த்தோம். எழுபதைப் பார்க்க அவர் இல்லை. தனியாக இருக்கிறவளுக்கு என்ன விசேஷம் என்றும் நீ நினைக்கிறாய். எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவளுக்கு எழுபது, அதைவிட என்ன விசேஷம் வேண்டும்? ஆரணிப் பட்டு அக்கா எடுத்து வைத்திருக்கிறாள், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. பெட்டியில் வைக்காமல் அன்றைக்கே கட்டு.

காலையில் ஜலகண்டேஸ்வரருக்கு அர்ச்சனை. ஏழு மணிக்குள் கோட்டைக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் வெறுங்காலில் கல் தரை சுடும், உன் முட்டியும் தாங்காது. சர்க்கரைக்குப் போடும் மாத்திரை விஷயத்தில் மட்டும் கவனம். மாத்திரையைப் போட்டுவிட்டு, சாமி பார்த்த பிறகு சாப்பிடலாம் என்று நிற்காதே. சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு, சாமி கோபித்துக்கொள்ளாது. படபடப்போ, வியர்வையோ, கை நடுக்கமோ வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. அக்கா பையில் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்.

சாப்பாடு அறுபது பேருக்கு, மாடியில் பந்தல் போட்டு. அக்கா கணக்குக்கு அறுபதாயிரம் அனுப்பியிருக்கிறேன். அரிசி 7 கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு இரண்டரை கிலோ, வடைக்கு உளுந்து 2 கிலோ போதும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரி 5 கிலோ வாங்கச் சொல். காம்பு பச்சையாக, முள் குத்துகிற மாதிரி, காய் சிறியதாக இருக்க வேண்டும். முற்றினது வந்தால் விதை கசந்து குழம்பையே கெடுத்துவிடும். முந்தின இரவே நறுக்கி வைக்கக் கூடாது. காலையில் நறுக்கி, கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் போட வேண்டும். வடை மாவைக் கடைசியில் ஆட்டட்டும், தண்ணீர் அதிகமானால் எண்ணெய் குடிக்கும். சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க மூடி வைத்தால் மதியத்துக்குள் புளித்துப் போகும், ஆவி போகத் திறந்து வைக்கச் சொல். நீ அடுப்பு பக்கம் போகாதே. சமையல்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்பு மட்டும் பார்.

பதினொரு மணிக்கு வீடியோவில் வருகிறோம், அப்போது எங்களுக்குக் காலை ஐந்தரை. பாப்பாவை எழுப்பிப் பாவாடை சட்டை போட்டு உட்கார வைப்பது கவிதாவின் பொறுப்பு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே, முகம் இருட்டாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார். போனை முதல் நாள் இரவே சார்ஜில் போட்டுவிடு.

முடிவு வந்ததும் புதிய விசா கணக்கில் என் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுநாளே டிக்கெட் போடுவேன். எந்த மாதம் என்று இப்போது சொல்லி உன்னைக் காக்க வைக்க மனசில்லை.

22ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு நீ எழுந்து வாசல் தெளிக்கப் போவாய். எனக்கு அது முந்தின இரவு பதினொன்றரை. எல்லோரும் வருவதற்கு முன்னால், அந்த நேரத்தில் நான் மட்டும் பேசுவேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள் அம்மா.

உன் மகன்,
சரவணன்