மேட்டு நிரைகளில் மட்டை மஞ்சளாகிறது: அடுத்த உரம் வாங்கும் முன் பார்க்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். ஜூலை மாதக் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். வெட்டுக் கூலி, லாரி வாடகை, ரேம்ப் சீட்டு எல்லாம் வழக்கம் போல் தேதி வாரியாக இருக்கின்றன. கணக்கில் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. தோட்டத்தில் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஈப்போவில் இருப்பதால் நேரில் பார்க்க வாய்ப்பில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேட்டுப் பக்கத்து 5 ஏக்கரில் செம்பனை மரங்களின் அடி மட்டைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறி வருகின்றன. சென்ற சுற்று வெட்டும்போது பையன்கள் சொன்னார்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஆறு படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் படும் இலைப்பகுதி நிறம் மாறியிருக்கிறது. அதே மட்டையில் மேலே இருக்கும் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. இந்த நிழல் அடையாளம் மெக்னீசியம் குறைவுக்கே உரியது. பொட்டாசியம் குறைந்திருந்தால் இலை முழுவதும் இப்படி மாறாது. ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக வரும். போரான் என்றால் அடி மட்டையில் தேடக் கூடாது, இளம் மட்டையில் பார்க்க வேண்டும்: இலை நுனி கொக்கி போல வளையும், இலை சுருங்கும்.

அடிமரத்தை அழுகச் செய்யும் கெனொடெர்மா நோயாக இருக்குமோ என்று உங்களுக்குக் கவலை வரலாம். அதைத்தான் முதலில் பார்த்தேன். அடிமரத்தில் எங்கும் காளான் இல்லை. விரியாத குருத்துகள் மரத்துக்கு மூன்று நான்கு என்று தேங்கி நிற்கவும் இல்லை. நோய் ஆரம்பத்தில் வெளியே தெரியாமலும் இருக்கும் என்பதால், மேட்டு நிரைகளை ஒவ்வொரு வெட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

குலையிலும் வித்தியாசம் தெரிகிறது. கீழ்ப் பகுதி 7 ஏக்கரில் குலை சராசரியாக 18 கிலோ வருகிறது. மேட்டில் 14 தான். எல்லாம் ஒரே வருடம் நட்ட மரங்கள், ஒரே கன்று. மண் மட்டும் வேறு. மேட்டில் மணல் அதிகம், சரிவும் உண்டு. மழைத் தண்ணீரோடு மெக்னீசியம் சீக்கிரம் கரைந்து இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். நாங்கள் வேலையை எடுப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தோட்டத்தில் மேடு, பள்ளம் என்று பார்க்காமல் எல்லா மரத்துக்கும் ஒரே அளவு எம்ஓபி பொட்டாசிய உரம் போகிறது. பொட்டாசியம் மண்ணில் மிகுந்துவிட்டால் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறைந்துவிடும். அதாவது உரம் போதவில்லை என்று நினைத்து அதே உரத்தை இன்னும் கூட்டினால், மேட்டு மரங்கள் இன்னும் மஞ்சளாகும். அடுத்த உரம் செப்டம்பர் கடைசியில் போட வேண்டும். அதற்கு மூட்டை சொல்லும் முன் இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

இனி என்ன செய்யலாம்? என் யோசனை, இந்த வருடம் ஒரு முறை இலைச் சோதனையும் மண் சோதனையும் செய்துவிடுவது. நாங்கள் இதுவரை உங்களுக்குச் செய்யும் வெட்டு, புல் மருந்து, உரம் போடும் வேலைகளில் இது சேராது. தனிக் கட்டணம் வரும். அதனால் என்ன செய்வோம் என்பதை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய தோட்டங்களில் 17ஆவது மட்டையில்தான் மாதிரி எடுப்பார்கள். மேலே முதலில் முழுதாக விரிந்த மட்டையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதன் கீழே ஏறக்குறைய ஒரே வரிசையில் 9ஆவது வரும், அதற்கும் கீழே 17ஆவது. அந்த மட்டையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் சில இலைகளை எடுத்து, இலையின் நடுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, நரம்பை நீக்கிவிட்டு, துடைத்து, உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மட்டையை மாற்றி எண்ணினால் எண்கள் பொய்யாகிவிடும், ஏனென்றால் இலைக்கு வயதாக ஆகச் சத்தின் அளவும் மாறும். இதைப் பழகிய ஒரு மண்டோரை வைத்துத்தான் எடுப்போம். மேட்டில் 25 மரம், கீழே 25 மரம். இரண்டையும் கலக்க மாட்டோம்; கலந்தால் சோதனை செய்வதற்கே அர்த்தமில்லை. மண்ணும் அதே மாதிரி இரண்டு பகுதியாக. மேட்டில் கூடுதலாக, மஞ்சளான மரங்களையும் பச்சையாக நிற்கும் மரங்களையும் குறித்து வைப்போம்.

உரம் போட்ட உடனே இலை எடுக்கக் கூடாது. கடைசியாக ஏப்ரலில் போட்டோம், அதனால் ஆகஸ்ட் பொருத்தமான நேரம். அறிக்கை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அறிக்கையை அப்படியே உங்களுக்கு அனுப்பிவிட்டு விட மாட்டேன். எந்தப் பகுதிக்கு எந்த உரம், மரத்துக்கு எத்தனை கிலோ, எந்த மாதம் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தருவேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் எந்தக் கடையிலும் உரம் வாங்கலாம், எங்களிடமே வாங்க வேண்டும் என்பதில்லை. எம்எஸ்பிஓ செம்பனைச் சான்றிதழ் தணிக்கைக்கு வருபவர்கள் உரப் பதிவைக் கேட்பார்கள். இந்த அறிக்கையும் அந்தக் கோப்பில் இருந்தால் நல்லது.

ஆள் கூலி, இரண்டு இலை மாதிரி, இரண்டு மண் மாதிரி, ஆய்வகச் செலவு, உர அட்டவணை எல்லாம் சேர்த்து 620 வெள்ளி. ஆய்வக ரசீதையும் காட்டுவேன். அடுத்த வருடம் மேட்டுப் பகுதிக்கு இலை மட்டும் பார்த்தால் போதும், அது 210 வெள்ளிக்குள் முடியும். மண்ணை வருடா வருடம் சோதிக்கத் தேவையில்லை.

இந்தப் பணம் திரும்பி வருமா என்று நீங்கள் கேட்பீர்கள். கீழ்ப் பகுதியில் ஏறக்குறைய 385 மரம் இருக்கிறது. அங்கே பொட்டாசியம் போதுமான அளவு இருப்பதாகத் தெரிந்து, வருடத்துக்கு மரத்துக்கு ஒரு கிலோ எம்ஓபி குறைத்தால், 50 கிலோ மூட்டை கிட்டத்தட்ட எட்டு மிச்சமாகும். இப்போது வாங்கும் விலைக்கு நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் குறையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சோதனையில் நேர்மாறாக, கூட்ட வேண்டும் என்றும் வரலாம். வந்தால் அதையும் அப்படியே சொல்வேன். விளைச்சலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: இன்று போடும் உரம் அடுத்த மாதக் குலையில் தெரியாது. மரத்தில் பூ ஆணா பெண்ணா என்று முடிவாவதே, அந்தக் குலையை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால். குலையின் எடை அதற்கு முன்பே தேறலாம், எண்ணிக்கை கூடுவதற்குப் பொறுமை வேண்டும். மஞ்சளான மட்டை திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் மட்டைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சோதனை வேண்டாம் என்று நீங்கள் நினைத்தாலும் மேட்டு நிரைகளை அப்படியே விட வேண்டாம். அடையாளம் தெளிவாக இருப்பதால், மேட்டில் உள்ள 275 மரத்துக்கும் தலா ஒரு கிலோ கீசரைட் என்ற மெக்னீசிய உரம் போடலாம், ஆறு மூட்டைக்குள் முடிந்துவிடும். டோலமைட் விலை குறைவு, ஆனால் மெதுவாகத்தான் கரையும். இப்போதைய நிலைக்குக் கீசரைட்தான் சரி. அந்தச் சுற்றில் மேட்டுக்கு எம்ஓபியைக் கூட்டாமல் வைத்துக்கொள்வோம். வழக்கமான உரச் சுற்றோடு சேர்த்தே போட்டுவிடுவதால் கூலி கூடாது, மூட்டை விலை மட்டும்தான். வெட்டிய மட்டைகளை மேட்டில் சரிவுக்குக் குறுக்காக அடுக்கவும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மண் அரிப்பு குறையும், மட்டை மக்கும்போது சத்தும் மண்ணுக்குத் திரும்பும்.

இன்னொரு வழியும் உண்டு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபியின் துனாஸ் அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் உரிமத்தோடு அவர்களை அழைத்து மேட்டைக் காட்டச் சொன்னால் நானே கூட இருந்து காட்டுகிறேன். நான் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஒரு வேண்டுகோள். சுங்கை சிப்புட் பக்கம் இப்போது சிலர் மோட்டாரில் வந்து, போத்தலில் அடைத்த இலைத் தெளிப்பு மருந்தை ‘இரண்டே வாரத்தில் பச்சையாகும்’ என்று விற்கிறார்கள். வளர்ந்த செம்பனைக்கு இவ்வளவு பெரிய சத்துக் குறைவை இலையில் தெளித்துத் தீர்க்க முடியாது, வேருக்குத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பியிடமும் வந்து பேசியதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்து வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சோதனை செய்வதென்றால் ஆகஸ்ட் 12க்குள் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வாரமே காலை வேளையில் இலை எடுத்துவிடுவோம். அறிக்கை செப்டம்பர் முதல் பாதியில் கையில் இருக்கும், நவம்பர் மழை பிடிக்கும் முன் உரம் போட்டு முடித்துவிடலாம். வேண்டாம், கீசரைட் மட்டும் போதும் என்றாலும் அதையே எழுதுங்கள், செப்டம்பர் மூட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். எது சொன்னாலும் வெட்டும் மற்ற வேலைகளும் இப்போது போலவே நடக்கும், விலையும் மாறாது.

பேசித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்குப் பிறகு வாட்சப்பில் அழையுங்கள், அந்த நேரத்தில் லாரி வேலை முடிந்திருக்கும். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? என் வீட்டில் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
மாறன்
தோட்டப் பராமரிப்பு, சுங்கை சிப்புட்

இணைப்பு: ஜூலை கணக்கு, மேட்டு நிரைப் படங்கள் 6, இரு பகுதிகளின் குலை எடைப் பதிவு