"படிப்பு" என்று எழுதிய 555 புத்தகம்

இன்று காலை கோலாலம்பூரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் மருந்தியல் இளங்கலைப் பட்டம் பெற்றேன். அப்பாவும் அம்மாவும் நேற்றே பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி வந்துவிட்டார்கள். காலை முதல் வாழ்த்து அனுப்பிய உறவினர்கள், ஆசிரியர்கள், தோழிகள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களில் பலர் "உன் உழைப்புக்குக் கிடைத்த பலன்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த உழைப்பில் பெரும்பங்கு யாருடையது என்பதை இன்றைக்காவது நான் சொல்லியாக வேண்டும். அவர்களிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அப்பா சற்றுத் தயங்கினார். அம்மாதான், "வாங்கினதை வாங்கினோம்னு சொல்றதுக்கு என்னம்மா வெட்கம்? எழுது" என்றார்.

எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேறு துறைதான் கிடைத்தது. தனியார் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 110,000 வெள்ளி ஆகும் என்று தெரிந்தபோது, கிடைத்ததையே படித்துக்கொள்கிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். அப்பா கொள்கலன் லாரி ஓட்டுபவர். அம்மா பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அன்றிரவு அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ மனசார படிக்க நினைக்கிறது எது?" நான் சொன்னேன். மறுநாளிலிருந்து இருவரும் கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடனாக 52,000 வெள்ளி என் பெயரில் கிடைத்தது. அப்பா தம் சேமநிதியிலிருந்து 21,000 எடுத்தார். கூட்டுறவு சங்கத்தில் 20,000 வாங்கினார். ஈப்போவில் இருக்கும் அத்தை, எப்போது திருப்பித் தருவீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், வட்டியின்றி 7,000 கொடுத்தார். மீதியைக் கூட்டுப் பணத்தாலும் அம்மாவின் வளையல்களாலும் சமாளித்தார்கள். வளையல்கள் அடகுக் கடையில் இருந்ததை நான் மூன்றாம் ஆண்டில்தான் அறிந்தேன். தொழிற்சாலையில் நகை அணியக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அதை எனக்குத் தெரிவித்தது, நம் வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமான அந்தச் சிறிய 555 புத்தகம். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் தீப்பெட்டி தேடிய என் கையில் அது அகப்பட்டது. உள்ளே, இரண்டாக மடித்த அடகுச் சீட்டு இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிப் புதுப்பித்த தேதிகளை அப்பா ஓரத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு தவணை கட்டியதும் அம்மா அந்த வரியை அடிக்கோல் வைத்து நேராக அடித்திருந்தார். அந்த அடிக்கோல் தமிழ்ப்பள்ளியில் நான் பயன்படுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் எண்களாகவே இருந்த அந்தப் புத்தகத்தில் 'கடன்' என்ற சொல்லை நான் எங்குமே காணவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் 'படிப்பு' என்று மட்டும் இருந்தது.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பார்த்ததை அவர்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தேர்வுக்கு உட்காரும்போதெல்லாம் நேராக அடிக்கப்பட்ட அந்த வரிகள் என் நினைவில் இருந்தன.

இந்த நான்கு ஆண்டுகளில் கட்டணம் ஒரே ஒருமுறை தாமதமானது. அந்த வாரம் அப்பா கிள்ளான் துறைமுகத்துக்குக் கூடுதல் நடைகள் ஓட்டினார் என்பதை, பிற்பாடு தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தொலைபேசியில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பவைதாம். எவ்வளவு ஆகிறது பார் என்றோ, உனக்காகத்தான் இவ்வளவும் என்றோ இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாக நன்றி சொல்ல வேண்டும். கடனின் பாரம் என் மேசைவரை வராமல் அவர்கள் பார்த்துக்கொண்டதால்தான் என்னால் நிம்மதியாகப் படிக்க முடிந்தது.

இன்று மண்டபத்தில் என் பெயரை வாசித்தபோது மேலே பார்த்தேன். அப்பா கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார், படம் எடுக்கவில்லை. விழா முடிந்ததும் அம்மா என் அங்கியின் தோள்மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "முன்பண ரசீது பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். அங்கியைத் திருப்பிக் கொடுத்து 200 வெள்ளி திரும்பக் கிடைக்கும்வரை அவர் வரிசையை விட்டு நகரவில்லை.

அடுத்து ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி மருந்தாளராகப் பணியாற்ற வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அப்பா, அம்மா, வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள். இனி வரும் பக்கங்களை நான் எழுதுகிறேன். முதலில் அத்தையின் பணம், அதன்பிறகுதான் வளையல் என்று அம்மா சொல்வார். அந்த வரிசையிலேயே அடைக்கிறேன்.